600 பேருக்கு ஆர்டர் கொடுக்கலாமா? கல்யாணச் சாப்பாட்டுக் கணக்கு

கேள்வி: தங்கைக்குத் தை மாதம் திருச்சியில் கல்யாணம். முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம். மூன்று கேட்டரிங்காரர்களிடம் கேட்டோம். ஒருவர் இலைக்கு 280 ரூபாய் என்கிறார், இன்னொருவர் 340 என்கிறார், மூன்றாமவர் சாமான் நாங்கள் வாங்கிக் கொடுத்தால் சமையல் கூலி மட்டும் போதும் என்கிறார். 600 பேர் என்று சொல்லி அட்வான்ஸ் கொடுத்துவிடலாமா? கூட்டம் கூடினாலோ குறைந்தாலோ கடைசி பில் எப்படி வரும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்:

விலையைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். முதலில் அந்த 600-ஐப் பிரிக்க வேண்டும். பத்திரிகை கொடுத்த வீடுகளை எண்ணி, வீட்டுக்கு இத்தனை பேர் என்று பெருக்கி இந்த எண்ணுக்கு வந்திருப்பீர்கள். ஆனால் 600 பேரும் மூன்று வேளையும் உங்கள் மண்டபத்தில் சாப்பிடப் போவதில்லை. அலுவலக நண்பர்கள், உள்ளூர்க்காரர்கள், அப்பாவின் பழக்கக்காரர்கள் எல்லாம் ரிசப்ஷனுக்கு வந்து, மொய் எழுதி, சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அவர்களில் பெரும்பாலோர் மறுநாள் காலையில் வர மாட்டார்கள். காலை டிபனுக்கு இருப்பது மண்டபத்தில் தங்கியவர்களும் நெருங்கிய சொந்தமும்தான். முகூர்த்தச் சாப்பாட்டுக்கு இன்னும் கொஞ்சம் பேர் சேர்வார்கள். உங்களுடையது தை மாதக் கல்யாணம் வேறு. ஒரே வளர்பிறை முகூர்த்தத்தில் ஊரில் ஏகப்பட்ட கல்யாணம் இருக்கும். தலையைக் காட்டிவிட்டு அடுத்த மண்டபத்துக்குப் போய்ச் சாப்பிடுகிறவர்கள் நிறைய பேர்.

அதனால் எண்ணிக்கையை வேளைக்கு ஒன்றாகச் சொல்ல வேண்டும். கேட்டரிங் பில்லில் பணம் அதிகம் போவது இந்த இடத்தில்தான். இலைக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி ஒரு மணி நேரம் பேரம் பேசுகிறவர்கள்கூட, மூன்று வேளைக்கும் 600 என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு வருவார்கள்.

கேட்டரிங்காரர் உங்களிடம் எண்ணிக்கை கேட்கும்போது உண்மையில் கேட்பது மினிமம். அதாவது, எத்தனை பேர் சாப்பிட்டாலும் குறைந்தது இத்தனை இலைக்குக் காசு கொடுத்தாக வேண்டும் என்ற எண். அதற்குக் கீழே போனால் பில் குறையாது. மேலே போனால் கூடும். ஆகவே, வரக்கூடிய அதிகபட்சக் கூட்டத்தை மினிமமாகச் சொல்லக் கூடாது. கண்டிப்பாக வந்துவிடுவார்கள் என்று நம்பும் எண்ணைச் சொல்லுங்கள். அதற்கு மேல் எவ்வளவு வரை சமாளிப்பீர்கள் என்று அவரிடம் கேட்டு வாங்குங்கள். பத்து சதவீதம் வரை கூடினால் அதே விலை, அதற்கு மேல் போனால் கொஞ்சம் கூடுதல் விலை என்பது நியாயமான பேச்சு. நல்ல மாஸ்டர் எப்படியும் சொன்ன எண்ணிக்கையைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் உலை வைப்பார்.

பத்து சதவீதத்துக்கு மேல் ஏன் முரண்டு பிடிக்கிறார்கள் என்றால், அதற்குச் சமையலறையில் காரணம் இருக்கிறது. கூட்டம் திடீரென்று கூடினால் சாதத்தை அரை மணியில் மறுபடி வடித்துவிடலாம். நூறு பேருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ அரிசி, அவ்வளவுதான். ரசம், மோர், அப்பளம் எல்லாம் கைவசம் இருக்கும், சாம்பாரையும் ஓரளவு இழுக்கலாம். ஆனால் கூட்டும் பொரியலும் இழுக்க வராது, ஏனென்றால் காய் முந்தின நாளே எடைபோட்டு வாங்கி நறுக்கியாகிவிட்டது. லட்டு, மைசூர்பாகு இரண்டு நாளுக்கு முன்பே பிடித்து எண்ணி வைத்தவை. காலை டிபன் இன்னும் சிக்கல். இட்லி மாவு முந்தின நாள் அரைத்துப் புளிக்க வைத்தது. காலை ஏழு மணிக்கு மாவு தீர்ந்தால் யாராலும் புது மாவு கொண்டுவர முடியாது. அப்போது பொங்கலோ உப்புமாவோ கிண்டித்தான் சமாளிப்பார்கள். இப்படிப் பதில் சரக்கு வந்தால் அந்த இலைக்கும் முழு விலைதானா என்று முன்பே பேசி வைப்பது நல்லது.

எண்ணிக்கையை எப்போது உறுதி செய்வது என்பதும் இதிலிருந்தே வருகிறது. ஆர்டர் கொடுக்கும்போது சொல்வது உத்தேசம்தான். ஒரு வாரத்துக்கு முன்னால் திருத்திச் சொல்லலாம். கடைசித் திருத்தத்துக்குக் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு வரை இடம் வாங்கிவிடுங்கள், ஏனென்றால் இலைக்கட்டுக்கும் இனிப்புக்கும் அதற்கப்புறம்தான் கை வைப்பார்கள். பால், காய் ஆர்டர் இன்னும் பின்னால் போகும். இந்தத் தேதிகளைக் கொட்டேஷனிலேயே எழுத வையுங்கள். திருத்தத்தைப் போனில் சொன்னாலும் அப்புறம் வாட்ஸாப்பில் ஒரு வரி அனுப்பி, அவர் சரி என்று பதில் போட்ட பிறகு விடுங்கள். மாமா ஒரு எண்ணும் அப்பா ஒரு எண்ணும் சொல்லி, அவர் இரண்டில் பெரியதை எடுத்துக்கொண்ட கதைகள் நிறைய உண்டு. உங்கள் வீட்டில் எண்ணிக்கை சொல்வது ஒரே ஆளாக இருக்கட்டும்.

இனி விலை. 280-ம் 340-ம் ஒரே சாப்பாட்டின் விலையா என்று பார்க்காமல் எது மலிவு என்று சொல்ல முடியாது. 280 சொன்னவரிடம் எது சேராது என்று கேளுங்கள். இலை, தண்ணீர் பாட்டில், பீடா, ஐஸ்கிரீம், மேசைக்கு விரிக்கும் பேப்பர் ரோல், பரிமாறும் ஆட்கள், இலை எடுப்பவர்கள், பாத்திர வாடகை, கேஸ் சிலிண்டர், வண்டிச் செலவு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேளுங்கள். இவற்றில் நாலைந்து வெளியே இருந்தால், கடைசி பில்லில் ‘இதரச் செலவு’ என்று ஒரே தொகையாக வந்து உட்காரும். அப்போது 280 என்பது 340-ஐத் தாண்டிவிடும். மண்டபத்துக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சில மண்டபங்களில் வெளி கேட்டரிங் கொண்டுவந்தால் தனியாக ஒரு தொகை கட்ட வேண்டும், குப்பை அள்ளவும் தனிக்காசு வாங்குவார்கள். அது உங்கள் தலையிலா அவர் தலையிலா என்பது இப்போதே முடிவாக வேண்டும்.

மெனுவில் பெயர் மட்டும் இருந்தால் போதாது. ‘இனிப்பு 1’ என்று எழுதியிருந்தால் பாதாம் அல்வாவும் அதில் அடங்கும், கேசரியும் அடங்கும். நெய்யா டால்டாவா, சமையல் எண்ணெய் எது, அரிசி எது என்பதை எழுதி வாங்குங்கள். இன்னொன்று, நீங்கள் இப்போது பேசுவது தை மாதச் சாப்பாட்டை. மார்கழி, தையில் முருங்கைக்காய் விலை பல வருஷம் எட்டாத உயரத்துக்குப் போயிருக்கிறது. மழை கொட்டினால் தக்காளியும் சின்ன வெங்காயமும் ஏறும். புரட்டாசியில் ‘முருங்கைக்காய் சாம்பார், வெங்காய சாம்பார்’ என்று மெனு போட்டவர், தையில் காந்தி மார்க்கெட் விலையைப் பார்த்துவிட்டு ஒன்று விலையைக் கூட்டச் சொல்வார், அல்லது சொல்லாமலே காயைக் குறைப்பார். விலை மாறாது, காய் கட்டுப்படியாகாவிட்டால் இன்னின்ன காய்க்கு மாற்றிக்கொள்ளலாம் என்று இரண்டு பெயர் எழுதிவிட்டால் இருவருக்கும் நிம்மதி. முள்ளங்கி சாம்பாரைச் சாப்பிட்டு யாரும் கோபித்துக்கொண்டு எழுந்து போனதாகத் தெரியவில்லை.

மூன்றாமவரின் கூலி முறை பற்றி: மளிகை, காய், பால் எல்லாம் நேரில் வாங்கி, ஸ்டோர் ரூம் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார ஒரு பெரியவர் வீட்டில் இருந்தால் அது லாபம். மிஞ்சிய சாமானும் உங்களுடையது. ஆனால் குறைந்துவிட்டால் பழி தன் மேல் விழும் என்பதால் மாஸ்டர் லிஸ்ட்டைத் தாராளமாகத்தான் எழுதுவார். அதைப் படித்துக் குறைக்கத் தெரிந்த ஆள் இல்லையென்றால் வேண்டாம். தங்கை கல்யாணத்தில் அண்ணன் பால் கேனோடு அலைவதைவிட இலைக்கணக்கே மேல் என்பது என் எண்ணம்.

அட்வான்ஸ் விஷயத்துக்கு வருவோம். தேதியைப் பிடித்து வைக்க ஒரு சிறு தொகை, கல்யாணத்துக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் சாமான் வாங்க ஏறக்குறைய பாதி, மீதி சாப்பாடு முடிந்த பிறகு என்று மூன்றாகப் பிரிப்பது வழக்கம். முதல் தொகை பெரியதாக இருக்கத் தேவையில்லை. தை மாதத்துக்கு மாஸ்டரையும் ஆட்களையும் வேறு எங்கும் ஒப்புக்கொள்ளாமல் வைப்பதற்கான பணம் அது. கல்யாணமே தள்ளிப்போனால் அந்தத் தொகை திரும்புமா, வேறு தேதிக்கு ஏற்றுக்கொள்வாரா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சாமான் வாங்கும் முன்பே எண்பது தொண்ணூறு சதவீதம் கேட்கிறவரிடம் யோசித்துக் கொடுங்கள். கடைசியில் பேச உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

ஒவ்வொரு தொகைக்கும் ரசீது வேண்டும். பணமாகக் கொடுப்பதில் சட்டப்படி ஓர் எல்லையும் இருக்கிறது. 2017 முதல், ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. நாலு தவணையாகப் பிரித்து வாங்கினாலும் நிகழ்ச்சி ஒன்றுதான் என்பதால் கணக்கு ஒன்றாகவே சேரும். அபராதம் வாங்கியவருக்குத்தான், அதுவும் வாங்கிய தொகை அளவுக்கே. பெரிய தொகையை வங்கி வழியாக அனுப்பிவிட்டால் அதுவே உங்களுக்கும் ரசீது.

இப்போது கடைசி பில் எப்படி வரும் என்பதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்ப்போம். விலைகள் உதாரணத்துக்குத்தான். ரிசப்ஷன் இலை 340, காலை டிபன் 160, முகூர்த்தச் சாப்பாடு 280 என்று வையுங்கள். மினிமம் முறையே 500, 200, 300. பத்து சதவீதம் வரை கூடினால் அதே விலை, அதற்கு மேல் இலைக்கு 40 ரூபாய் கூடுதல் என்று பேச்சு. பீடா ஸ்டாலும் வண்டி வாடகையும் சேர்த்துத் தனியாக 10,000.

ரிசப்ஷனில் 563 பேர் சாப்பிட்டார்கள். மினிமத்துக்கு மேல் 50 இலை வரை, அதாவது 550 வரைக்கும் 340 வீதம் 1,87,000. மீதி 13 இலைக்கு 380 வீதம் 4,940. காலை டிபனுக்கு 170 பேர்தான், ஆனாலும் மினிமம் 200 என்பதால் 32,000. முகூர்த்தச் சாப்பாட்டில் 318 இலை. இது 330-க்குள் இருப்பதால் அதே விலையில் 89,040. எல்லாம் கூட்டினால் 3,12,980. பீடா, வண்டி சேர்த்து 3,22,980. இதற்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி 16,149. ஆக மொத்தம் 3,39,129. நீங்கள் முதலில் கொடுத்த 25,000-ம் பிறகு கொடுத்த 1,50,000-ம் கழித்தால் பாக்கி 1,64,129. பில்லில் இந்தக் கழித்தல் வரி தெளிவாக இருக்க வேண்டும்.

இதே விலையில் மூன்று வேளைக்கும் 600 மினிமம் என்று சொல்லியிருந்தால்? சாப்பாட்டுக்கு மட்டும் 4,68,000. வந்தவர்கள் அதே ஆட்கள், சாப்பிட்டதும் அதே இலைகள், ஆனால் பில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் கூடுகிறது. இலைக்கு முப்பது ரூபாய் பேரம் பேசி மிச்சம் பிடித்தாலும் இது ஈடாகாது.

மேலே 563 என்று சுலபமாக எழுதிவிட்டேன். சண்டை வருவதே இந்த எண்ணில்தான். இலையை எண்ண மூன்று வழி இருக்கிறது, மூன்றும் வெவ்வேறு விடை தரும். கட்டிலிருந்து எத்தனை இலை எடுத்தோம் என்று எண்ணினால் கிழிந்தது, ஓரம் வாடியது எல்லாம் உங்கள் கணக்கில் ஏறும். மேசையில் எத்தனை போட்டோம் என்று எண்ணினால், கடைசிப் பந்தியில் ஆள் உட்காராமல் சும்மா கிடந்த இலையும் ஏறும். ஆள் உட்கார்ந்து சாப்பிட்ட இலையை மட்டும் எண்ணுவதுதான் சரி. ‘உட்கார்ந்த இலைக்குத்தான் காசு’ என்று ஒரே வாக்கியத்தை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

எண்ணுவதற்கு உங்கள் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க வேண்டிய சித்தப்பாவைப் போடாதீர்கள். வேறு வேலையில்லாத தம்பி முறைப் பையன் ஒருவன் போதும். ஒவ்வொரு பந்தியிலும் சாதம் பரிமாறும் நேரத்தில் கேட்டரிங் சூப்பர்வைசரோடு சேர்ந்து ஒரு நடை நடந்து எண்ணி, நோட்டில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். 150 பேர் உட்காரும் டைனிங் ஹால் என்று வையுங்கள். முதல் பந்தி 132, அடுத்தது 150, பிறகு 148, 91, கடைசியில் 42. கூட்டினால் 563. இந்த நோட்டு இல்லாமல் போனால், ஐந்து பந்தி ஓடியது, பந்திக்கு 150, ஆக 750 இலை என்று ஒரு கணக்கு வரும். அங்கே நின்று பார்க்காதவர்களுக்கு அது நியாயமாகவே தோன்றும். பந்தி முடிந்த பிறகு எண்ணலாம் என்று விட்டுவிடாதீர்கள். இலை எடுப்பவர்கள் பேப்பரோடு சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

யார் யார் இலை கணக்கில் வருவார்கள் என்பதையும் முன்பே பேசுங்கள். மேளக்காரர்கள், போட்டோகிராபர், டெக்கரேஷன் ஆட்கள், டிரைவர்கள், மண்டப ஊழியர்கள் எல்லாரும் சாப்பிடத்தான் போகிறார்கள், அவர்களுக்கு நீங்கள் கொடுப்பது முறை. ஆனால் பரிமாறுபவர்களும் சமையல்காரர்களும் சாப்பிடுவது கேட்டரிங்காரரின் செலவு. அதுவும் சேர்ந்து வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தனி இலை போட்டால் பாதி விலை என்று பேச முடியும், பலர் ஒப்புக்கொள்வார்கள்.

பில்லைச் சரிபார்க்கும் நேரமும் முக்கியம். முகூர்த்தச் சாப்பாடு முடிந்து, மண்டபத்தைக் காலி செய்யும் அவசரத்தில், சீர் சாமான் வண்டியில் ஏறிக்கொண்டிருக்கும்போது பில் வரும். மொய்ப் பணமும் கையில் இருக்கும், பார்க்காமல் எண்ணிக் கொடுத்துவிடத் தோன்றும். முதல் நாள் இரவே ரிசப்ஷன் இலைக்கணக்கை முடித்துக் கையெழுத்து வாங்கிவிட்டால், மறுநாள் பார்க்க இரண்டு வேளைக் கணக்குதான் மிச்சம். ராத்திரி பத்தரைக்கு மேல் கேட்டு வாங்கிய காபி, மணமகள் அறைக்குப் போன ஸ்பெஷல் டிபன் போன்ற கூடுதல் ஆர்டர்களை யார் சொன்னால் கொடுக்க வேண்டும் என்று ஒரு பெயரைச் சூப்பர்வைசரிடம் கொடுத்து வையுங்கள். கல்யாண வீட்டில் ஆளுக்கு ஆள் ஆர்டர் போடுவார்கள், பில் மட்டும் உங்களிடம் வரும். பாக்கியில் பத்து சதவீதத்தை மறுநாள் கணக்குப் பார்த்து அனுப்புகிறேன் என்று ஆரம்பத்திலேயே பேசியிருந்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அன்றைக்குப் புதிதாகச் சொன்னால் சுளிப்பார்கள்.

ஜிஎஸ்டி பற்றி. மண்டபத்துக்கு வந்து சமைக்கும் கேட்டரிங்குக்கு 5 சதவீதம். அறை வாடகை அதிகமுள்ள பெரிய ஹோட்டலில் வைத்தால் 18 சதவீதம் வரும், எனவே ஹோட்டல் விலையோடு ஒப்பிடும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள். கொட்டேஷனில் சொன்ன விலை வரி சேர்த்தா சேர்க்காமலா என்பதை முதல் நாளே கேட்க வேண்டும். சிறிய கேட்டரிங்காரர்கள் சிலர் காம்பொசிஷன் திட்டத்தில் இருப்பார்கள். அவர்கள் வரியைத் தங்கள் கையிலிருந்துதான் கட்ட வேண்டும், உங்களிடம் தனியாக வசூலிக்கக் கூடாது. ஜிஎஸ்டி எண்ணே இல்லாத பில்லில் ‘ஜிஎஸ்டி 5%’ என்று ஒரு வரி இருந்தால் அதைக் கொடுக்காதீர்கள். உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணும் பில்லில் இருக்க வேண்டும், 2022 ஜனவரியிலிருந்து அது கட்டாயம். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே அந்த எண்ணைக் கேட்டுப் பாருங்கள். தயங்காமல் தருகிறவர் கணக்கு வழக்கோடு தொழில் செய்கிறவராக இருப்பார்.

மேலே உள்ள உதாரணத்தில் காலை டிபனில் 30 பேருக்கான காசு அதிகம் போயிற்று அல்லவா? அந்த உணவு உங்களுடையது. மிச்சத்தை உங்களிடம் கணக்குக் காட்டி ஒப்படைக்க வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஊருக்குத் திரும்பும் சொந்தங்களுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுக்கலாம், அல்லது பக்கத்தில் உள்ள இல்லம் ஏதாவதற்கு அனுப்பலாம். அனுப்புவதானால் முன்கூட்டியே போன் செய்து, சூடு ஆறுவதற்குள் எடுத்துப் போகச் சொல்லுங்கள். தேங்காய் சேர்ந்த சட்னியும் கூட்டும் மதியம் வரை தாங்காது, அவற்றைக் கொடுக்காமல் விட்டுவிடுங்கள்.